கோடிட்ட இடத்தில் ஓர் உயிரெழுத்து

ஜெர்மன் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். மூன்று பத்தி. முதலில் வினையின் மூல வடிவம், அடுத்து இறந்தகாலம், மூன்றாவதாக நாம் பள்ளியில் ஆங்கில வகுப்பில் கேட்ட அதே பாஸ்ட் பார்ட்டிசிபிள். அகர வரிசைப்படி இறங்கிக்கொண்டே போகும். முன்னொட்டு சேர்ந்த வினைகளைத் தவிர்த்து எண்ணினால் இருநூறுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகப் படிக்கிறவர்கள் பலர் அந்தப் பக்கத்துக்கு வந்ததும்தான் சோர்ந்துபோகிறார்கள். தினம் பத்து என்று மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த வாரம் பாதி கரைந்துவிடுகிறது.

குற்றம் நினைவாற்றலில் இல்லை, பட்டியலின் வரிசையில் இருக்கிறது. அகர வரிசை என்பது தேடி எடுப்பதற்கான வரிசை, கற்பதற்கானது அல்ல. ஒரே மாதிரி மாறும் இரண்டு வினைகளை அது இரண்டு பக்கங்களுக்கு அப்பால் பிரித்து வைக்கிறது. அவற்றை மறுபடி ஒன்றாகச் சேர்த்து, இடையிடையே கோடு போட்டு நிரப்பிப் பழகுவதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் முறை. 'கோடிட்ட இடங்களை நிரப்புக' நமக்குப் புதிதல்ல. ஆனால் எதைச் சேர்ப்பது, எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில்தான் பயனே இருக்கிறது.

முதலில் இவை என்ன வினைகள் என்று பார்த்துவிடலாம். ஜெர்மன் வினைகளில் பெரும்பாலானவை சாதுவானவை. 'மாகென்' (செய்) என்றால் இறந்தகாலத்தில் கடைசியில் ஒரு 'டெ' சேர்ந்து 'மாக்டெ' என்பது போல ஆகும். நடுவில் உள்ள உயிர் அசையாது. இன்னொரு கூட்டம் அப்படி ஒட்டு எதையும் சேர்த்துக்கொள்ளாது. தன் வயிற்றில் இருக்கும் உயிரெழுத்தையே மாற்றிக்கொள்ளும். ஸிங்கென் (பாடு), ஸங் (பாடினான்), கெஸுங்கென் (பாடிய, பாடப்பட்ட). இ, அ, உ. வெளியிலிருந்து உதவி வாங்காமல் தானே காலம் காட்டுவதால் இதற்கு 'வலிய வினை' என்றும், ஒட்டை நம்பியிருப்பதற்கு 'மெலிய வினை' என்றும் பெயர் வைத்தவர் யாக்கோப் கிரிம். தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து 1812-ல் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பை வெளியிட்டாரே, அவரேதான். அவருடைய ஜெர்மன் இலக்கணத்தின் முதல் பகுதி 1819-ல் வந்தது.

தமிழ் காதுக்கு இது முற்றிலும் அந்நியமான சங்கதி இல்லை. வா, வந்தேன், தா, தந்தேன், காண், கண்டேன் என்று நாமும் நெடிலைக் குறிலாக்குகிறோம். கெடு, கேடு, சுடு, சூடு என்று உயிரை நீட்டிப் பெயராக்குவதற்கு நம் இலக்கணம் 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. ஆனால் நம்மிடம் நீளம் மட்டும்தான் மாறுகிறது. ஜெர்மனில் உயிரே வேறாகிவிடுகிறது.

இனி ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்து உள்ளே போவோம். மூலத்தில் 'இ' இருக்கும் வினைகள். பட்டியலில் அங்கங்கே சிதறிக் கிடப்பவற்றைப் பொறுக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் இப்படி வரும்:

ஃபின்டென் (கண்டுபிடி) – ஃபன்ட் – கெஃபுன்டென்
பின்டென் (கட்டு) – பன்ட் – கெபுன்டென்
ஸிங்கென் (பாடு) – ஸங் – கெஸுங்கென்
ஷ்ப்ரிங்கென் (குதி) – ஷ்ப்ரங் – கெஷ்ப்ருங்கென்
ட்ரிங்கென் (குடி) – ட்ரங்க் – கெட்ருங்கென்
ஷ்விம்மென் (நீந்து) – ஷ்வம் – கெஷ்வொம்மென்
பெகின்னென் (தொடங்கு) – பெகன் – பெகொன்னென்
கெவின்னென் (வெற்றிபெறு) – கெவன் – கெவொன்னென்

இரண்டாம் பத்தி எல்லாவற்றுக்கும் 'அ'. மூன்றாம் பத்தியில்தான் வழி பிரிகிறது. மேலே ஐந்துக்கு 'உ', கீழே மூன்றுக்கு 'ஒ'. எது எந்தப் பக்கம் போகும் என்பதைத் தனித்தனியாக நெட்டுரு போட வேண்டியதில்லை. உயிருக்குப் பின்னால் என்ன மெய் வருகிறது என்று பாருங்கள். மெல்லினத்தோடு ஒரு வல்லினம் சேர்ந்து ன்ட், ங்க் என்று எழுதப்பட்டால் 'உ'. மெல்லினம் மட்டும் இரட்டித்து ம்ம், ன்ன் என்று நின்றால் 'ஒ'. இவ்வளவுதான் விதி. முதல் வகையில் இருபதுக்கு அருகில் வினைகள் உண்டு. இரண்டாம் வகையில் அன்றாடம் வேண்டியவை இன்னும் ஓரிரண்டுதான். ரின்னென் (வழிந்தோடு), ஷ்பின்னென் (நூல் நூல்) ஆகியவை அந்தப் பக்கம்.

ஏன் இப்படிப் பிரிந்தது என்பதற்குக் காரணம் உண்டு. தெரிந்துகொண்டால் விதி மறக்காது. இடைக்கால ஜெர்மனில் இரண்டு வகைக்கும் 'உ'தான் இருந்தது. பிறகு நடுஜெர்மன் பகுதிப் பேச்சில் இரட்டித்த மெல்லினத்துக்கு முன் இருந்த 'உ' பல சொற்களில் 'ஒ' ஆகத் தளர்ந்தது. அந்த உச்சரிப்பே பொது மொழியிலும் ஏறியது. வினையில் மட்டுமல்ல, பெயரிலும்தான். சூரியனுக்கு அன்று 'ஸுன்னெ', இன்று 'ஸொன்னெ'. கோடைக்கு அன்று 'ஸுமெர்', இன்று 'ஸொம்மெர்'. உறவு மொழியான ஆங்கிலத்தில் இந்தத் தளர்ச்சி நடக்கவில்லை. அதனால் ஆங்கில எழுத்தில் சன், சம்மர், ஸ்வம் மூன்றிலும் இன்றுவரை பழைய 'யு' எழுத்தே இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஜெர்மன் படிக்கும்போது 'கெஷ்வும்மென்' என்று சொல்லிவிடுவதற்கு இதுவே காரணம். ஆங்கில ஸிங், ஸாங், ஸங் பாதி தூரம் கைபிடித்துக் கூட்டிப்போகும். நீந்தத் தொடங்கும் இடத்தில் விட்டுவிடும். ஸொன்னெ, ஸொம்மெர், கெஷ்வொம்மென் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் அந்தத் தவறு நின்றுவிடும்.

'அ' எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். பழைய மொழியில் இறந்தகாலத்துக்கே இரண்டு உயிர் இருந்தது. ஒருவர் பாடினால் 'ஸங்', பலர் பாடினால் 'ஸுங்கென்'. காலப்போக்கில் ஒருமையின் 'அ' பன்மையையும் விழுங்கி 'ஸங்கென்' ஆக்கிவிட்டது. பழைய 'ஸுங்கென்' இன்று ஒரு பழமொழியில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கற்கிறவருக்கு இது லாபம்: இரண்டாம் பத்தியில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே உயிர்.

இப்போது அட்டவணைக்கு வருவோம். கடையில் அச்சடித்து விற்கும் பயிற்சிப் புத்தகம் வேண்டாம். கையால் எழுதியதுதான் வேலை செய்யும். பின்பக்கப் பட்டியலிலிருந்து ஒரு குடும்பத்தைப் பொறுக்கி எழுதும்போதே பாதி கற்றுவிடுகிறோம். உயிருக்குப் பின் வரும் மெய்யெழுத்துகளை அடிக்கோடிட்டு, ன்ட், ங்க், ம்ம், ன்ன் என்று பிரித்து அடுக்க வேண்டும்.

முதல் சுற்றில் சொல் முழுவதையும் மறைக்காமல், உயிர் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு போடுங்கள். இதை ஜெர்மன் எழுத்தில்தான் செய்ய வேண்டும். நம் எழுத்தில் உயிர் மெய்யோடு ஒட்டிக் கிடப்பதால் அதை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது. இரண்டாம் சுற்றில் முழுச் சொல்லும் போகட்டும். ஆனால் ஒரே பத்தியை வரிசையாக மறைக்கக் கூடாது. முதல் வரியில் மூன்றாம் பத்தி காலி, அடுத்த வரியில் இரண்டாம் பத்தி, அதற்கடுத்ததில் மூல வடிவமே காலி. மூல வடிவத்தை மறைப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். படிக்கும்போது நமக்கு எதிர்ப்படுவது 'ஸங்' அல்லது 'லாக்' போன்ற வடிவம்தான். அதிலிருந்து மூலத்துக்குப் போகத் தெரியாவிட்டால் அகராதியில் எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்றே தெரியாது.

இந்த இரண்டு சுற்றும் முடிந்ததும் ஒரு பொய்யான நிம்மதி வரும். எல்லாக் கோட்டையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் நிரப்பிவிடுவோம். அங்கே ஏமாந்துவிடக் கூடாது. ஒரே குடும்பம் அடுக்கி வைத்திருக்கும்போது விடை மேல்வரியிலேயே இருக்கிறது. கை அதைப் பார்த்து எழுதுகிறது, மூளை வேலை செய்வதில்லை. வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பிக்கும் பிள்ளை, நடுவில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் மறுபடி ஓரேழிலிருந்து தொடங்குவது போலத்தான்.

ஆகவே மூன்றாம் சுற்று கட்டாயம். அதில் குடும்பங்களைக் கலக்க வேண்டும். கூடவே அந்நியர்களையும் நுழைக்க வேண்டும். 'இ' குடும்பத்துக்குள் நான் நுழைக்கச் சொல்வது நான்கு பேரை. ப்ரிங்கென் (கொண்டுவா) பார்ப்பதற்கு ஸிங்கென் போலவே இருக்கும். மாற்றமோ ப்ரஹ்டெ, கெப்ரஹ்ட். உயிரையும் மாற்றிக்கொண்டு ஒட்டையும் சேர்த்துக்கொள்ளும் கலப்பு வினை இது. விங்கென் (கையசை) சுத்தமான மெலிய வினை: விங்க்டெ, கெவிங்க்ட். பேச்சில் ஜெர்மானியர்களே பரவலாக 'கெவுங்கென்' என்று சொல்கிறார்கள் என்றால் ட்ரிங்கெனின் இழுப்பு எவ்வளவு வலியது என்று புரியும். தேர்வுத்தாளில் கெவிங்க்ட் எழுதுவதே பாதுகாப்பு. மற்ற இருவர் ஸிட்ஸென் (உட்கார்), பிட்டென் (வேண்டிக் கேள்). இவற்றிலும் 'இ' உண்டு, ஆனால் பின்னால் மெல்லினமே இல்லை. அதனால் இவை வேறு குடும்பம்: ஸாஸ், கெஸெஸ்ஸென், பாட், கெபேட்டென்.

பிட்டெனைத் தொட்டதும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். பரிட்சையில் அதிகம் வழுக்குகிற இடம் இது:

பிட்டென் (வேண்டிக் கேள்) – பாட் – கெபேட்டென்
பீட்டென் (தர முன்வா) – போட் – கெபோட்டென்
பேட்டென் (பிரார்த்தி) – பேட்டெட்டெ – கெபேட்டெட்

மூன்றிலும் முதலும் முடிவும் ஒரே மெய். உயிர் ஒன்றுதான் ஆளை அடையாளம் காட்டுகிறது. மூன்றாவது மெலிய வினை. 'கெபேட்டென்' என்று காதில் விழுந்ததும் பிரார்த்தனை என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது வேண்டுகோள். இதே போல லீகென் (கிட, படுத்திரு), லேகென் (வை), ல்யூகென் (பொய் சொல்) என்று இன்னொரு மூவர். லாக், கெலேகென், லேக்டெ, கெலேக்ட், லோக், கெலோகென். இந்த மூன்று வரியையும் ஒரு தனித் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்து மற்ற இரண்டையும் காலியாக்குங்கள். லோக் மட்டும் தெரியும்போது ல்யூகென் நினைவுக்கு வருகிறதா, லீகென் வருகிறதா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். ஃப்லீகென் (பற) ஃப்லோக், கெஃப்லோகென் என்று மாறுவதால், லீகெனும் அப்படித்தான் மாறும் என்று மனம் இழுக்கும். அப்படி மாறாது.

கோட்டில் நாம் எழுதும் தவறுகளே எந்தச் சுற்றுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடும். 'ஸிங்டெ' என்று எழுதினால், அது வலிய வினை என்பதே நினைவில்லை. ஜெர்மன் குழந்தைகளும் பேச்சு பழகும்போது இப்படித்தான் சொல்கிறார்கள். முதல் சுற்றுக்குத் திரும்பலாம். 'கெஷ்வும்மென்' என்று எழுதினால், குடும்பம் தெரிகிறது, மெய்யைப் பார்க்கவில்லை. அடிக்கோடு போடும் வேலையை மறுபடி செய்ய வேண்டும். 'கெப்ருங்கென்' என்று எழுதினால், விதி நன்றாகப் பதிந்திருக்கிறது, விலக்குதான் பதியவில்லை. மூன்றில் இதுவே நல்ல தவறு. இதற்கு மருந்து, கலந்த அட்டவணையில் ப்ரிங்கெனை இரண்டு மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வைப்பது.

இன்னொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து இரண்டும் இருக்கிறது. மூலத்தில் 'ஐ' உள்ள வினைகள். சிலவற்றுக்கு அது குறில் 'இ' ஆகும்: ரைட்டென் (குதிரையேறு), ரிட், கெரிட்டென், பைஸென் (கடி), பிஸ், கெபிஸ்ஸென். சிலவற்றுக்கு நெடில் 'ஈ': ப்லைபென் (தங்கு), ப்லீப், கெப்லீபென், ஷ்ரைபென் (எழுது), ஷ்ரீப், கெஷ்ரீபென். ஜெர்மன் எழுத்தில் நெடில் 'ஈ'யை 'ஐ', 'இ' என்ற இரு ரோமன் எழுத்தின் இடமாற்றத்தால் காட்டுவதால் மற்றவர்கள் குழம்புவார்கள். குறில் நெடிலோடு வளர்ந்த நம் காதுக்கு அந்த வேறுபாடு உடனே கேட்கும். ஆபத்து, எது குறில் எது நெடில் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது. பின்னால் வரும் மெய் காற்றாக வெடிக்கும் ஒலி என்றால், அதாவது அட்டையில் வரும் ட், ஃப், ஸ் போன்றவை என்றால் குறில். குரல் அதிரும் ஒலி என்றால், தம்பியில் வரும் ப், தங்கையில் வரும் க் போன்றவை என்றால் நெடில். தமிழ் எழுத்து இந்த இரண்டு வகைக்கும் ஒரே எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே அட்டவணையைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால், விதியைக் காட்டும் அடையாளமே தாளிலிருந்து மறைந்துபோகும். இந்தக் கட்டுரையில் உச்சரிப்புக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். விலக்கும் உண்டு. ஷ்னைடென் (வெட்டு) அதிரும் மெய்யோடு இருந்தும் ஷ்னிட், கெஷ்னிட்டென் என்று குறிலாகி, மெய்யையும் வன்மையாக்கிக்கொள்கிறது.

எல்லாக் குடும்பமும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது என்பதையும் மறைக்க வேண்டாம். 'ஏ', 'எ' உள்ள வினைகளில், வேரில் ல, ர, ம போன்ற மெய் இருந்தால் மூன்றாம் பத்தி பெரும்பாலும் 'ஒ'. ஹெல்ஃபென் (உதவு), ஹல்ஃப், கெஹொல்ஃபென் போல. இல்லாவிட்டால் மூலத்தின் உயிரே திரும்பும். கேபென் (கொடு), காப், கெகேபென் போல. ஆனால் ட்ரேட்டென் (காலெடுத்து வை) 'ர' இருந்தும் கெட்ரேட்டென் என்று எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. கேயென் (போ) கிங், கெகங்கென் என்று ஆவதற்கு எந்த அட்டவணையும் உதவாது. அன்றாடம் வாயில் புழங்கும் இத்தகைய ஒரு கைப்பிடி வினைகளை அப்படியே நெட்டுரு போடுவதுதான் வழி.

மூன்றாம் பத்தியை எழுதும்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்தே எழுதிவிடுங்கள். இடம்பெயர்வைக் காட்டும் வினைகள் 'இருக்கிறது' என்ற பொருளுள்ள 'இஸ்ட்' துணையோடு வரும்; ஆகவே வெறும் கெஷ்வொம்மென் அல்ல, 'இஸ்ட் கெஷ்வொம்மென்' என்றே கோட்டில் இருக்க வேண்டும். அடுத்தது, பெகின்னென் போலப் பிரியாத முன்னொட்டு உள்ளவற்றுக்கு 'கெ' சேராது. பெகொன்னென்தான், 'கெபெகொன்னென்' இல்லை.

எந்தப் பத்தியை முதலில் கற்பது என்ற கேள்விக்கு என் விடை: மூன்றாவதை. தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பேச்சில் இரண்டாம் பத்தி அபூர்வம். சுவிட்சர்லாந்தின் வட்டாரப் பேச்சில் அது அறவே இல்லை. வடக்கில்கூட நேற்று நடந்ததைப் பேசும்போது மூன்றாம் பத்தியைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். மருத்துவமனை வார்டில் நோயாளி தண்ணீர் குடித்தாரா என்று கேட்கும்போது வருவது கெட்ருங்கென்தான், ட்ரங்க் அல்ல. இரண்டாம் பத்தி செய்தித்தாளுக்கும் கதைக்கும் வேண்டும். கிரிம் சகோதரர்களின் கதைகள் முழுக்க அதில்தான் ஓடுகின்றன. எனவே தொடக்கத்தில் மூன்றாம் பத்திக் கோடுகளை எழுதி நிரப்புங்கள். இரண்டாம் பத்தியைப் படித்தால் அடையாளம் தெரியும் அளவில் வைத்துக்கொண்டு, பி1 நிலை நெருங்கும்போது எழுதப் பழகலாம்.

கடைசியாக, வைத்திருப்பது பழைய புத்தகம் என்றால் ஒரு திருத்தம். பக்கென் (ரொட்டி சுடு) என்பதற்கு இறந்தகாலம் 'பூக்' என்று போட்டிருக்கும். இன்று அப்படிச் சொல்பவர்கள் அரிது. அதை அடித்துவிட்டு 'பக்டெ' என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் பத்தியில் உள்ள கெபக்கென் இன்னும் செல்லும்.